யாருக்கு, எதுவரை, எதோடு சேரும்: கூப்பன் நிபந்தனையைத் திருத்தி எழுதுவது எப்படி

கூப்பன் நிபந்தனையை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. பில் போடும் கவுண்டரில் வரிசையில் நிற்கும்போது, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் போனுமாக, "இது செல்லுமா செல்லாதா" என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நாலைந்து நொடியில் மூன்று கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும்: எனக்கு உண்டா, இன்றைக்கு உண்டா, ஏற்கெனவே இருக்கும் தள்ளுபடியோடு சேருமா. இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, நான் திருத்திய ஒரு கூப்பனை வைத்தே முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

நடுத்தர அளவில் ஒரு துணிக்கடை. கடையும் உண்டு, ஆன்லைன் விற்பனையும் உண்டு. ஆடிக்கு 300 ரூபாய் கூப்பன் போட்டார்கள். என் கைக்கு வந்த வாசகம் இது:

"இக்கூப்பனானது ரூ.2000/-க்கு மேல் கொள்முதல் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 10 வரை செல்லுபடியாகும். பட்டுப் புடவைகள், பள்ளிச் சீருடைகள் மற்றும் பிற சலுகைகளுடன் இணைத்துப் பயன்படுத்த இயலாது. நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

படிக்கும்போது சரியாகத்தான் இருப்பது போல் இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, மொழியைக் கொஞ்சம் எளிதாக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். தப்பு. இதில் மொழி கடினம் என்பது சின்னப் பிரச்சினை, பல விஷயங்களை யாருமே முடிவு செய்யவில்லை என்பதுதான் பெரிய பிரச்சினை. "இக்கூப்பனானது" என்பதை "இந்தக் கூப்பன்" என்று மாற்றிவிட்டால் மட்டும் அது தெளிவாகிவிடாது.

முதல் வேலை: ஒரு பில் எழுதிக் கேளுங்கள்

வாசகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் ஒரு கற்பனை பில் எழுதுங்கள். வேண்டுமென்றே சிக்கலான பில். நான் எழுதியது இப்படி: ஒரு காட்டன் புடவை 1,400 ரூபாய், அதற்குத் தள்ளுபடி எதுவும் இல்லை. ஒரு சட்டை 900 ரூபாய், அதற்கு ஆடித் தள்ளுபடி 20 சதவீதம் போக 720 ரூபாய். மொத்தம் 2,120. வாங்கியவரிடம் கடையின் பாயிண்ட் 150 ரூபாய்க்கு இருக்கிறது, அதையும் கழிக்கச் சொல்கிறார்.

இந்த பில்லுக்குக் கூப்பன் செல்லுமா என்று கடைக்காரரைக் கேட்டேன். "செல்லுமே, ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கே" என்றார். அதே காகிதத்தைக் கேஷியரிடம் காட்டினேன். "செல்லாது, சட்டைக்கு ஏற்கெனவே ஆஃபர் இருக்கு, அதைக் கழிச்சா 1,400தான்" என்றார். பக்கத்து கவுண்டரில் இருந்த பெண் இன்னொரு கணக்குச் சொன்னார்: பாயிண்ட் கழித்தால் 1,970 வருகிறது, அதனால் செல்லாது. ஒரே பில், மூன்று பேர், மூன்று கணக்கு. மூன்றுமே அந்த வாசகத்துக்குப் பொருந்தும், அதுதான் கொடுமை. கேஷியர் கையில் இருந்தால் அவர் விளக்கம் ஓடும், மேனேஜர் வந்தால் அவர் விளக்கம் ஓடும், கத்திப் பேசும் வாடிக்கையாளருக்கு ஒன்றும் அமைதியாகப் போகிறவருக்கு வேறொன்றும் நடக்கும்.

ஆகவே யாரைக் கேட்பது என்பது முக்கியம். முதலாளியை மட்டும் கேட்டால் அவர் மனதில் நினைத்த சலுகை கிடைக்கும். கவுண்டரில் கேட்டால்தான் சண்டை எங்கே வரும் என்று தெரியும். இரண்டு பேரையும் அந்த பில்லோடு உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக "இது கணக்கில் சேருமா" என்று முடிவை வாங்குங்கள். இங்கே கடைசியில் எடுத்த முடிவு: தள்ளுபடி போன பிறகு இருக்கும் விலையில் சட்டையும் 2,000 கணக்கில் சேரும், பாயிண்டும் கூப்பனும் ஒரே பில்லில் சேராது, வேண்டியதை வாடிக்கையாளரே தேர்ந்துகொள்ளலாம். அதன்படி நம் பில் 2,120, கூப்பன் போக 1,820. பாயிண்ட் அப்படியே அடுத்த முறைக்கு இருக்கும்.

முடிவு வாங்கியதை ஒரு வாட்ஸப் செய்தியாகவாவது எழுதி எல்லோருக்கும் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும், எப்படி என்று கேட்காதீர்கள்.

யாருக்கு: "மேல்" என்ற சொல்லில் இருந்து தொடங்குங்கள்

"ரூ.2000க்கு மேல்" என்றால் சரியாக 2,000 ரூபாய் பில்லுக்குக் கிடைக்குமா? இலக்கணப்படி கிடைக்காது. வாங்குகிறவர் மனதில் கிடைக்கும். துணிக்கடையில் 1,999, 999 என்று விலை போட்டிருப்பதால் சரியாக 2,000 வருவது அபூர்வம் என்பார்கள், ஆனால் இரண்டு 1,000 ரூபாய் சட்டை எடுத்தால் வந்துவிடுகிறதே. "ரூ.2,000 அல்லது அதற்கு மேல்" என்று எழுதிவிட்டால் பேச்சே இல்லை. இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால் "குறைந்தது ரூ.2,000". பழைய வாசகங்களில் "குறைந்தபட்சம் ரூ.2000க்கு மேல்" என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்தால் உடனே ஒன்றை வெட்டுங்கள்.

அடுத்தது "மட்டும்". "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்பதில் "மட்டும்" எந்த வேலையும் செய்யவில்லை, கடைக்கு வருகிறவர் எல்லோரும் வாடிக்கையாளர்தானே. கேட்டுப் பார்த்தபோது, ஒருவருக்கு ஒருமுறைதான் என்பதை அந்த "மட்டும்" சொல்வதாக நினைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒருவர் என்பதை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? பில்லையா, போன் நம்பரையா, குடும்பத்தையா? அம்மா ஒரு பில், மகள் ஒரு பில் என்று பிரித்துப் போட்டால் இரண்டு கூப்பனா? இந்தக் கடையில் பில் போடும்போது மொபைல் நம்பர் கேட்பது வழக்கம், அதனால் "ஒரு மொபைல் நம்பருக்கு ஒருமுறை" என்று முடிந்தது. கவுண்டரில் நிஜமாகவே சரிபார்க்க முடிகிற விஷயத்தை மட்டுமே நிபந்தனையில் எழுத வேண்டும். "ஒரு குடும்பத்துக்கு ஒன்று" என்று எழுதினால் யார் யாருக்கு உறவு என்று கேஷியரா விசாரிப்பார்?

இதோடு சேர்ந்த ஒரு கண்ணி, தமிழில் காற்புள்ளி போட்டு அடுக்கும் பட்டியல். "வேட்டி, சட்டை வாங்கினால் 10% தள்ளுபடி" என்பதை இரண்டையும் வாங்கினால் என்றும் படிக்கலாம், ஏதாவது ஒன்றை வாங்கினால் என்றும் படிக்கலாம். "வேட்டியும் சட்டையும் சேர்த்து வாங்கினால்" அல்லது "வேட்டியோ சட்டையோ வாங்கினால்" என்று எழுதினால் குழப்பம் போய்விடும். "உம்", "ஓ" இரண்டும் கையில் இருக்கும்போது காற்புள்ளியை நம்பி விடாதீர்கள்.

இப்போது விலக்குகள். மூல வாசகத்தில் "பட்டுப் புடவைகள், பள்ளிச் சீருடைகள் மற்றும் பிற சலுகைகளுடன் இணைத்துப் பயன்படுத்த இயலாது" என்று ஒரே வாக்கியத்தில் போட்டிருக்கிறார்கள். பட்டுக்குக் கூப்பன் கிடையாது என்பது ஒரு விஷயம், வேறு சலுகையோடு சேராது என்பது வேறு விஷயம், இரண்டையும் ஒரே வினைமுற்றில் கட்டியதால் பட்டோடு கூப்பனை இணைக்க முடியாது என்று விநோதமாக ஏதோ சொல்கிறது. கூடவே நம் மொழியின் அமைப்பும் இங்கே எதிராக நிற்கிறது. வினை கடைசியில் வருகிறதா, ஓரக்கண்ணால் படிக்கிறவர் "பட்டுப் புடவைகள், பள்ளிச் சீருடைகள்" வரை பார்த்துவிட்டு, ஓ இதற்கெல்லாம் உண்டு போல என்று போய்விடுவார், "இயலாது" என்ற சொல் மூன்றாவது வரிக் கடைசியில் இருக்கும். அதனால் மறுப்பை முன்னால் கொண்டு வாருங்கள். "செல்லாதவை:" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பட்டியலைப் போட்டால், முதல் சொல்லிலேயே இது இல்லை என்று தெரிந்துவிடும். "செல்லுபடியாகாது", "பயன்படுத்த இயலாது" எல்லாம் வேண்டாம், கடையில் எல்லோரும் சொல்வது "செல்லும், செல்லாது" தான், அதையே எழுதுங்கள்.

பட்டு விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் காத்திருந்தது. எது பட்டு? செமி சில்க், ஆர்ட் சில்க், சாஃப்ட் சில்க் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாஃப்ட் சில்க் எடுத்தவரிடம் கவுண்டரில் "இது பட்டுங்க, கூப்பன் செல்லாது" என்பார்கள், ஆர்ட் சில்க் விற்கும்போது அதே கடைப் பையன் "அப்படியே பட்டு மாதிரி இருக்கும், ஆனா பட்டு இல்ல" என்று சொல்லியிருப்பான். துணியின் இழையை வைத்து விளக்கம் எழுதப் போனால் ஒரு பத்தி ஆகும், அதையும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தீர்வு மிகச் சாதாரணமானது: அந்தக் கடையில் பட்டு எல்லாம் இரண்டாம் மாடியில். "2-ஆம் மாடிப் பட்டுப் பிரிவில் எடுக்கும் புடவைகளுக்குச் செல்லாது" என்று எழுதினோம். மாடி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் கடையில் மாடி இல்லாவிட்டால் விலைச் சீட்டின் நிறம், அலமாரி, ஆன்லைன் என்றால் பிரிவின் பெயர் என்று வாங்குகிறவர் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதுவரை: தேதியை மட்டும் எழுதினால் போதாது

"ஆகஸ்ட் 10 வரை" என்றால் 10-ஆம் தேதி உண்டா? பெரும்பாலானவர்கள் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் எத்தனை மணி வரை? "நள்ளிரவு 12 மணி வரை" என்று சேர்த்தால் இன்னும் குழப்பம், ஏனென்றால் 10-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்பது 10 பிறக்கும் நேரமா, முடியும் நேரமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நேரம் எழுதினால் "இரவு 11:59 வரை" என்று எழுதுங்கள், விவாதம் முடிந்தது. கடைக்கு அதுவும் தேவையில்லை, "கடை மூடும் இரவு 10 மணி வரை" போதும். 9:50க்கு வரிசையில் நின்று 10:10க்கு கவுண்டருக்கு வருகிறவரை என்ன செய்வது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதை நிபந்தனையில் எழுத வேண்டாம், கேஷியர்களுக்குச் சொன்னால் போதும்.

கிழமையைச் சேருங்கள். "ஆகஸ்ட் 10, ஞாயிறு" என்றால் மனதில் உடனே பதியும், தேதி தப்பாக அச்சானாலும் கிழமை காட்டிக்கொடுக்கும். வருடத்தையும் சேருங்கள். கூப்பன் படம் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும், அடுத்த ஆடிக்கு யாராவது பழைய படத்தைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். "10/8" என்று எண்ணில் மட்டும் எழுதாமல் மாதப் பெயரை எழுதுங்கள். "ஆடி முடியும் வரை" என்று எழுத ஆசையாக இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் ஆடி முடிவது ஆகஸ்ட் நடுவில், காலண்டரைப் பார்த்தால்தான் சரியான தேதி தெரியும். "ஸ்டாக் இருக்கும் வரை" என்பதும் அப்படித்தான், அது தேதியும் இல்லை எல்லையும் இல்லை. நிஜமாகவே முதல் 500 பேருக்குத்தான் என்றால் 500 என்று எழுதிவிடுங்கள்.

ஆன்லைன் பக்கம் இன்னொரு கதை. நான் வாசகம் எல்லாம் திருத்தி முடித்து நிம்மதியாக இருந்தபோது, 10-ஆம் தேதி காலையிலேயே "கூப்பன் எடுக்க மாட்டேங்குது" என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கடையின் தளம் ஆன்லைன் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளில் ஓடியது. அதில் `Coupon expiry date` என்ற இடத்தில் நீங்கள் போடும் தேதியின் 00:00:00 மணிக்கே கூப்பன் முடிந்துவிடும். அதாவது 10 என்று போட்டால் 10-ஆம் தேதி தொடங்கும்போதே முடிந்தது. 10 முழுக்க ஓட வேண்டுமானால் 11 என்று போட வேண்டும். கூடவே வூகாமர்ஸ் எதன் மேல் ஓடுகிறதோ அந்த வேர்ட்பிரஸின் அமைப்பில் `Timezone` இந்திய நேரமாக இருக்கிறதா என்று பாருங்கள். `UTC`, அதாவது உலகப் பொது நேரம், என்று இருந்தால் அந்தக் கணக்கில் நள்ளிரவு ஆகும்போது இங்கே அதிகாலை 5:30, கூப்பன் முடியும் நேரமும் அதற்கேற்ப ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும்.

```
Coupon code: AADI300
Minimum spend: 2000
Coupon expiry date: 2025-08-11
Timezone: Asia/Kolkata
```

கடைசி நாளை நீட்டிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. விற்பனை மந்தமாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கலாம், தப்பில்லை. ஆனால் "இன்றே கடைசி" என்று தினமும் போடுவது வேறு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனையில் வாங்குகிறவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது, பொய்யான அவசரத்தைக் காட்டுவது அதில் ஒன்று. நீட்டித்தால் பழைய தேதியை அடித்துப் புதிய தேதியை எழுதுங்கள், "நீட்டிக்கப்பட்டது" என்ற சொல்லையும் போடுங்கள்.

எதோடு சேரும்: "பிற சலுகைகள்" என்றால் எவை

கவுண்டர்ச் சண்டையில் பெரும்பங்கு இதிலிருந்துதான். "பிற சலுகைகளுடன் இணைக்க முடியாது" என்று எழுதியவருக்கு மனதில் வேறொரு கூப்பன் இருந்திருக்கும். படிக்கிறவருக்கு அப்படி இல்லை. ஒரு துணிக்கடையில் ஒரே நேரத்தில் எத்தனை சலுகை ஓடும் என்று எண்ணிப் பாருங்கள்: துணியின் மேலேயே குறைத்த விலை, வேறு கூப்பன், கடையின் பாயிண்ட், வங்கி கார்டு தள்ளுபடி. ஆன்லைன் என்றால் இலவச டெலிவரியும். இத்தனைக்கும் தனித்தனியாகச் சேரும், சேராது என்று பதில் வேண்டும். இதைப் பொதுச் சொல்லில் மூடாமல் பெயர் சொல்லி எழுதுங்கள், எழுதும்போது சேருவதை முதலில் எழுதுங்கள். "சேராது" பட்டியல் மட்டும் இருந்தால், அதில் இல்லாதது சேருமா என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

சேரும் என்றால் எந்த வரிசையில் கழியும் என்பதும் இருக்கிறது, பலர் இதை மறந்துவிடுவார்கள். நம் 2,120 ரூபாய் பில்லுக்கே வருவோம். இதற்கு 300 ரூபாய் கூப்பனும், 10 சதவீத வங்கி கார்டு தள்ளுபடியும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கூப்பனை முதலில் கழித்தால் 1,820, அதில் 10 சதவீதம் 182 போக 1,638. கார்டுத் தள்ளுபடியை முதலில் கழித்தால் 2,120இல் 212 போக 1,908, அதில் 300 போக 1,608. முப்பது ரூபாய் வித்தியாசம். வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே இரண்டாவது கணக்கைப் போட்டுக்கொண்டு வருவார், அவருக்கு அதுதானே லாபம். ஆனால் வங்கித் தள்ளுபடி கார்டில் தேய்க்கும் தொகைக்குத்தான் கணக்கிடப்படும், அதனால் கூப்பன் முதலில் கழிந்தே ஆக வேண்டும். இன்னும் பெரிய பள்ளம் இது: வங்கிச் சலுகைக்கும் தனியாக ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கும். அது 2,000 என்று இருந்தால், கூப்பன் கழிந்த 1,820க்கு அந்தச் சலுகையே கிடைக்காது. 300 ரூபாய் கூப்பனைக் காட்டி 212 ரூபாயை இழந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும், கடையின் தப்பே இல்லாவிட்டாலும். "கூப்பன் தொகை முதலில் கழியும், மீதித் தொகைக்கே கார்டு சலுகை" என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர் கணக்குப் போட்டுப் பார்த்து எது லாபமோ அதை எடுத்துக்கொள்வார்.

இரண்டு சதவீதச் சலுகைகள் சேருமானால் அங்கேயும் இதே கவனம். 10 சதவீதமும் 10 சதவீதமும் சேர்ந்தால் 20 ஆகாது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கழிந்தால் 19தான். "10% + 10%" என்று பெரிதாக அச்சடித்துவிட்டு 19 கொடுத்தால் கேள்வி வரத்தான் செய்யும். 1,000 ரூபாய்த் துணி 810 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று ஒரு உதாரணத்தைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

அப்புறம், எழுதியதும் மென்பொருள் செய்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வூகாமர்ஸில் `Individual use only` என்பதை டிக் செய்தால் வேறு கூப்பன் சேராது, அவ்வளவுதான் அதன் வேலை. விலை குறைத்த துணியையும் வங்கிச் சலுகையையும் அது கண்டுகொள்ளாது. `Minimum spend` கூடையின் மொத்தத்தைத்தான் பார்க்கிறது, அதில் குறைத்த விலைத் துணியும் அடக்கம். நாம் சட்டையும் கணக்கில் சேரும் என்று முடிவு செய்ததற்கு இதுவும் ஒரு காரணம், இல்லாவிட்டால் கடையில் ஒரு விதி, ஆன்லைனில் வேறு விதி ஆகியிருக்கும். சரியாக 2,000 வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும், நம் "அல்லது அதற்கு மேல்" என்பதோடு பொருந்துகிறது.

பொருந்தாத ஒன்றும் இருந்தது. மொத்த பில்லில் 300 கழிக்கும் கூப்பனுக்கு, அதாவது `Fixed cart discount` வகைக்கு, `Exclude categories` இடத்தில் பட்டுப் பிரிவைப் போட்டால், கூடையில் ஒரு பட்டுப் புடவை இருந்தாலே கூப்பன் மொத்தமாக மறுக்கப்படும். கடையிலோ கேஷியர் பட்டை ஒதுக்கிவிட்டு மற்றத் துணிகள் 2,000 வந்தால் கூப்பன் போட்டுக் கொடுப்பார். நிரல் எழுதி மாற்றலாம், ஆடி முடிவதற்குள் நடக்காது. அதனால் நிபந்தனையிலேயே ஆன்லைனுக்கு என்று ஒரு வாக்கியம் சேர்த்தோம்: பட்டுக்குத் தனி ஆர்டர் போடுங்கள்.

திருத்தியது

ரூ.300 தள்ளுபடி. கூப்பன்: AADI300

யாருக்கு: பில் ரூ.2,000 அல்லது அதற்கு மேல் வந்தால். ஒரு மொபைல் நம்பருக்கு ஒருமுறை.

எதுவரை: 2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு. கடையில் இரவு 10 வரை, ஆன்லைனில் இரவு 11:59 வரை.

சேரும்: ஆடித் தள்ளுபடித் துணிகள், வங்கி கார்டு சலுகை. சேராது: வேறு கூப்பன், பாயிண்ட்.

செல்லாதவை: 2-ஆம் மாடிப் பட்டுப் பிரிவு, பள்ளிச் சீருடை. இவற்றின் விலை ரூ.2,000 கணக்கிலும் வராது.

இதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, சின்ன விவரங்கள்: தள்ளுபடி போன விலையில் துணிகள் கணக்கிடப்படும், கூப்பன் தொகை முதலில் கழியும், ஆன்லைனில் பட்டுக்கும் சீருடைக்கும் தனி ஆர்டர் போடவும், துணியைத் திருப்பிக் கொடுத்து மீதி பில் 2,000க்குக் கீழே போனால் கூப்பன் தொகை கழித்துக்கொள்ளப்படும். கடைசியாகச் சொன்னது முக்கியமானதுதான், ஆனால் வாங்கும் நேரத்தில் தேவைப்படாது, அதனால் கோட்டுக்கு மேலே இடம் இல்லை. எது மேலே, எது கீழே என்று தடுமாறினால் இப்படிப் பாருங்கள்: இது தெரியாமல் ஒருவர் கடை வரைக்கும் வந்து ஏமாறுவாரா? ஆம் என்றால் மேலே.

"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற வரியையும் நட்சத்திரக் குறியையும் எடுத்துவிட்டோம். மேலே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு அது எதற்கு? இதில் சட்டமும் உண்டு. 2022 ஜூனில் அதே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக வெளியிட்ட நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில் நிபந்தனை இருக்க வேண்டும், எழுத்தும் அதே எழுத்துருவில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், முக்கியமான தகவலை அதற்குள் ஒளிக்கக் கூடாது. "300 ரூபாய் தள்ளுபடி" என்று தமிழில் பெரிதாகப் போட்டுவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் எறும்பு அளவு எழுத்தில் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம், அது இந்த விதிக்கு நேர் எதிர்.

அச்சுக்குப் போகும் முன்

கூப்பனைப் பார்த்தே இராத மூன்று நான்கு பேரைப் பிடியுங்கள். கடை வாட்ச்மேன், கணக்குப் பார்ப்பவர், உங்கள் வீட்டில் ஒருவர், யாராக இருந்தாலும் சரி. போனில் படத்தைக் காட்டி ஐந்து என்று எண்ணிவிட்டுப் போனைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். பில்லைச் சொல்லிக் கேளுங்கள்: ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, 20 சதவீதம் போட்ட சட்டை இரண்டு, சரியாக 2,000 ரூபாய், கையில் பாயிண்டும் இருக்கிறது, என்ன கிடைக்கும்? நான் கேட்ட நான்கு பேரில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். நான்காமவர் என் அத்தை. அவர் "பாயிண்ட் சேராது" என்பதை, கூப்பன் பயன்படுத்தினால் இந்தப் பில்லுக்குப் புதுப் பாயிண்ட் ஏறாது என்று புரிந்துகொண்டிருந்தார். பாயிண்டைக் கழிப்பதும் ஏறுவதும் இரண்டு விஷயம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை. போன் போட்டுக் கேட்டோம், ஏறும் என்றார். "பாயிண்ட்" என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு "பாயிண்டைக் கழிப்பது" என்று போட்டு, படத்தை மறுபடி அனுப்பினேன்.